திருகு கிரவுன்: கழற்றுவது, நேரம் வைப்பது, திரும்பச் சரியாக மூடுவது

கேள்வி: என் ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் வாட்சின் பக்கவாட்டில் உள்ள கிரவுன், அதாவது நேரம் வைக்கும் குமிழ், திருகி மூடும் வகை. கழற்றினால் தானாக வெளியே துள்ளுகிறது. அதற்குப் பிறகு எந்த நிலையில் எது நகரும் என்று குழம்பிவிடுகிறேன். மூடும்போது சில நாள் அரைச் சுற்றிலேயே இறுகி நின்றுவிடுகிறது. தண்ணீர் புகாதபடி மூடியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் அந்த அரைச் சுற்று. அங்கே இறுகினால் அது மூடிய இறுக்கம் இல்லை, மரை மேல் மரை ஏறி நிற்கிறது. அதற்கு மேல் ஒரு இழை கூடத் திருக வேண்டாம். பின்னால் கழற்றி எடுத்து, கிரவுனை லேசாக உள்ளே அழுத்தியபடி முதலில் கழற்றும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஓர் இடத்தில் ‘டக்’ என்று மிகச் சிறிதாக உள்ளே விழுவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து மூடும் திசையில் திருகினால் மரை நேராகப் பிடிக்கும். உங்கள் சிக்கலில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு, அந்தக் கிரவுனுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

வாட்சின் கேஸிலிருந்து ஒரு சிறு உலோகக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை ட்யூப் என்பார்கள். பெரும்பாலான வாட்சுகளில் அதன் வெளிப்புறத்தில் மரை வெட்டியிருக்கும். கிரவுனின் உட்புறத்தில் அதற்கு இணையான மரை இருக்கும். பாட்டில் மூடி மாதிரியே. ட்யூபின் நடுவே ஸ்டெம் என்ற மெல்லிய தண்டு உள்ளே போய் இயந்திரத்தைத் தொடுகிறது. கிரவுனுக்கும் ஸ்டெம்முக்கும் நடுவில் ஒரு குட்டி ஸ்பிரிங் உண்டு. மூடியிருக்கும்போது அந்த ஸ்பிரிங் அமுங்கிக் கிடக்கிறது. கடைசி மரை விட்டதும் அது கிரவுனை வெளியே தள்ளுகிறது. நீங்கள் பார்க்கும் துள்ளல் அதுதான். துள்ளியது கிரவுனின் தலை மட்டுமே. ஸ்டெம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால் அந்தத் துள்ளலை ஒரு ‘நிலை’யாக எண்ணக் கூடாது. எண்ணினால் அடுத்து வரும் எல்லா நிலைகளும் ஒன்று தள்ளிப் போய்விடும். குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தண்ணீரைத் தடுப்பது மரை அல்ல. மரை என்பது சுருள் சுருளாக உள்ளே போகும் ஒரு பாதை. அதன் வழியே தண்ணீர் தாராளமாக நுழையும். தடுப்பது காஸ்கெட், அதாவது ரப்பர் வளையம். கிரவுனின் உள்ளே அடியில் ஒன்று இருக்கும்; மூடும்போது அது ட்யூபின் விளிம்பில் அழுந்தும். பல வாட்சுகளில் ட்யூபுக்கு உள்ளேயும் ஒன்றோ இரண்டோ வளையங்கள் தண்டைச் சுற்றிக் கவ்விக்கொண்டிருக்கும். மரையின் வேலை கிரவுனைப் பிடித்து வைப்பதும் அந்தக் காஸ்கெட்டைப் போதுமான அளவு அழுத்துவதும்தான். ரோலெக்ஸ் 1926-ல் ஆய்ஸ்டர் கேஸைக் கொண்டுவந்தபோது கிரவுனைத் திருகி மூடியது. பிறகு 1953-ல் ட்வின்லாக், 1970-ல் ட்ரிப்லாக் என்று அது செய்த முன்னேற்றங்கள் எல்லாம் இந்த வளையங்களைக் கூட்டுவதைப் பற்றியவை. உள் வளையங்கள் உள்ள கிரவுன் திறந்திருந்தாலும் கொஞ்சம் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அதை நம்பித் தண்ணீரில் இறங்கலாம் என்று எந்தக் கையேடும் சொல்வதில்லை.

இப்போது நிலைகள். தேதி காட்டும் ஆட்டோமேட்டிக் வாட்சை எடுத்துக்கொள்வோம். திருகி மூடியிருப்பதை 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்றி, துள்ளி வந்து, இன்னும் இழுக்காமல் இருப்பது 1. இந்த நிலையில் மேல்நோக்கித் திருகினால் சாவி ஏறும். ஒரு ‘க்ளிக்’ வரை இழுத்தால் 2. இங்கே தேதி மாறும், கிழமையும் இருந்தால் ஒரு பக்கம் சுற்றினால் தேதி, மறுபக்கம் சுற்றினால் கிழமை. இன்னொரு க்ளிக் வரை இழுத்தால் 3; இங்கே முள் நகரும், பெரும்பாலான இன்றைய இயந்திரங்களில் நொடி முள்ளும் நின்றுவிடும்.

எல்லா வாட்சும் இந்த அட்டவணையில் அடங்காது. தேதியே இல்லாத வாட்சில் ஒரு க்ளிக்தான் இருக்கும், அதிலேயே முள் நகரும். தேதிக்காகச் செய்த இயந்திரத்தைத் தேதி ஜன்னல் இல்லாத டயலுக்குள் வைத்திருந்தால், நடுவில் எதுவும் நகராத ஒரு வெற்று க்ளிக் கிடைக்கும். வாட்ச் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். செய்கோவின் 7எஸ்26 போன்ற பழைய இயந்திரங்களில் 1-ஆம் நிலையில் எவ்வளவு சுற்றினாலும் சாவி ஏறாது, 3-ஆம் நிலையில் நொடி முள்ளும் நிற்காது. அவற்றின் அமைப்பே அப்படி. பின்னால் வந்த 4ஆர்36-ல் இரண்டும் உண்டு. இரண்டு நேர மண்டலம் காட்டும் வாட்சுகளில் 2-ஆம் நிலை இரண்டு விதமாக வேலை செய்யும்: சிலவற்றில் மணி முள் மட்டும் ஒவ்வொரு மணியாகத் தாவும், தேதியும் அதோடு சேர்ந்து மாறும், மற்றவற்றில் 24 மணி முள் தனியாக நகரும். உங்கள் வாட்ச் எந்த வகை என்று கையேட்டில் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

கழற்றும்போது வாட்சைக் கையிலிருந்து அவிழ்த்துவிடுங்கள். மணிக்கட்டில் இருக்கும்போது கிரவுனைக் கோணலாகத்தான் பிடிக்க முடியும். அந்தக் கோணல் இழுப்பு ஸ்டெம்மை வளைக்கும். டயல் மேலே இருக்கட்டும், 6 மணிப் பக்கம் உங்களைப் பார்க்கட்டும், கிரவுன் வலப்பக்கம் வரட்டும். இடக்கையால் கேஸைப் பிடித்து, வலக்கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிரவுனைப் பிடியுங்கள். கிரவுனின் மேல் விளிம்பு உங்களை நோக்கி, அதாவது 6 மணிப் பக்கம் வந்தால் கழல்கிறது. 12 மணிப் பக்கம் போனால் மூடுகிறது அல்லது சாவி ஏறுகிறது. கிரவுன் இடப்பக்கம் உள்ள வாட்சில் கிரவுன் முகத்தை நேராகப் பார்த்துக்கொள்ளுங்கள்: கடிகார முள் சுற்றும் திசை மூடுவது, எதிர்த்திசை கழற்றுவது.

கழற்றும்போது எத்தனை சுற்றில் துள்ளுகிறது என்று எண்ணி வையுங்கள். இரண்டு முதல் நான்கு சுற்றுக்குள் இருக்கும். மூடும்போது இதே எண்ணிக்கை உங்களுக்குச் சாட்சியாக நிற்கும். துள்ளுவதற்கு முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டாம். ஒரு மரை இன்னும் பிடித்திருக்கும்போது இழுத்தால், அந்த மெல்லிய கடைசி மரையின் நுனிதான் மழுங்கும்; பின்னால் மூடும்போது முதலில் பிடிக்க வேண்டியதும் அதே நுனிதான். துள்ளி வந்த கிரவுன் லேசாக ஆடும். தண்டு மெல்லியது, அதற்குச் சற்றே இடம் விட்டுத்தான் செய்திருப்பார்கள், அதனால் ஆட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஒரு கடற்குளியலுக்குப் பிறகு கழற்றுவதானால் ஒரு முன்வேலை உண்டு. கிரவுன் மூடியிருக்கும்போதே நல்ல தண்ணீரில் வாட்சை அலசி, கிரவுனைச் சுற்றி மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து உலரவிட்ட பிறகே கழற்றுங்கள். உப்பும் மணலும் மரை இடுக்கில் இருக்கும்போது திருகினால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

நேரம் வைப்பதை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். வாட்ச் மூன்று நாளாகப் பெட்டிக்குள் கிடந்து நின்றுவிட்டது. முள் 11:20 காட்டுகிறது, தேதி 14, கிழமை செவ்வாய். இன்று வெள்ளி, 17-ஆம் தேதி, இரவு 8:10.

கழற்றியதும் 1-ஆம் நிலையிலேயே இருபது முதல் முப்பது சுற்று சாவி கொடுங்கள். பாதிச் சுற்றாகத் திருகி, விரலை விட்டுப் பிடித்துத் திருகினால் போதும். வேகம் வேண்டாம். ஆட்டோமேட்டிக்கில் முழுதாக ஏறிய பின்னும் மெயின்ஸ்பிரிங் உள்ளுக்குள் வழுக்கிக்கொள்ளும், அதிகம் ஏறி அறுந்துவிடாது. கையால் மட்டும் சாவி கொடுக்கும் வாட்சாக இருந்தால் இறுகித் தடுக்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

இப்போது கை தானாக 2-ஆம் நிலைக்குப் போய்த் தேதியை மாற்றப் பார்க்கும். அங்கேதான் நிதானம் தேவை. முள் 11:20-ல் நிற்கிறது. அது பகல் 11:20-ஆ, இரவு 11:20-ஆ என்று டயலைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரவாக இருந்தால் நள்ளிரவில் தேதியைத் தள்ளும் பல்சக்கரத்தின் விரல் ஏற்கனவே தேதி வட்டின் பல்லில் மாட்டியிருக்கும். அந்த நேரத்தில் கிரவுனாலும் தேதியைத் தள்ளினால் இரண்டும் மோதும். பல் ஒடியலாம், அல்லது தேதி பாதி ஜன்னலில் நிற்கலாம். பொதுவாக இரவு 9 முதல் அதிகாலை 4 வரை இந்த ஆபத்து நேரம். இயந்திரத்துக்கு இயந்திரம் சற்று மாறும். அதனால் முதலில் நேராக 3-ஆம் நிலைக்கு இழுத்து, முள்ளை முன்னோக்கி 6:30-க்குக் கொண்டுவாருங்கள். காலை 6:30 ஆனாலும் மாலை 6:30 ஆனாலும் ஆபத்து நேரத்துக்கு வெளியேதான் இருக்கிறது, அதனால் எது என்று தெரியாமலே பயமின்றி 2-ஆம் நிலைக்கு வரலாம்.

2-ஆம் நிலையில் இன்றைய தேதியை வைக்காமல் நேற்றையதை வையுங்கள்: 16, வியாழன். கிழமை வட்டில் இரண்டு மொழி இருந்தால் 14 பெயர்கள் இருக்கும், ஒரு நாளுக்கு இரண்டு க்ளிக் சுற்ற வேண்டியிருக்கும். பிறகு 3-ஆம் நிலைக்கு இழுத்து முன்னோக்கியே சுற்றுங்கள். ஏதோ ஒரு 12 மணியைக் கடக்கும்போது தேதி 17-ஆக மாறும். அதுதான் நள்ளிரவு. முதல் 12-ல் மாறாவிட்டால் அது பகல் 12, அடுத்ததில் மாறும். மாறிய பின் மேலும் முன்னே போங்கள். காலை கடந்து, பகல் 12 கடந்து, 8:10-க்கு வந்தால் அது இரவு 8:10. கிழமை முழுதாக மாறி முடிய அதிகாலை மூன்று, நான்கு மணி வரை ஆகலாம், நடுவில் மற்ற மொழிப் பெயர் எட்டிப் பார்த்தால் அப்படியே முன்னே சுற்றுங்கள். இந்த வழியில் போனால் தேதி பட்டப்பகலில் மாறும் சங்கடமும் வராது.

நொடியும் சரியாக வேண்டுமென்றால், 3-ஆம் நிலைக்கு இழுப்பதை நொடி முள் 12-ஐத் தொடும் கணத்தில் செய்யுங்கள். நிமிட முள்ளை அடுத்த நிமிடக் கோட்டில் நிறுத்தி, ஒப்பிடும் கடிகாரம் அந்த நிமிடத்தைத் தொடும்போது உள்ளே தள்ளுங்கள். தள்ளும் கணத்தில் நிமிட முள் லேசாகத் துடித்து இடம் மாறுவதுண்டு. பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள தளர்ச்சிதான் காரணம். ஒரு நிமிடம் கழித்து நொடி முள் 12-ல் இருக்கும்போது நிமிட முள் கோட்டின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். பின்தங்கியோ முந்தியோ இருந்தால் அடுத்த முறை மறுதிசையிலிருந்து அந்தக் கோட்டுக்கு வந்து பாருங்கள். எந்தத் திசை பொருந்தும் என்பது இயந்திரத்தைப் பொறுத்தது, ஒன்றிரண்டு தடவையில் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

இனி மூடுவது. கிரவுன் கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான், ஆகவே இதைச் சற்று நிதானமாகவே சொல்கிறேன்.

மூடுவதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன, இரண்டையும் ஒன்றாகச் செய்யக் கூடாது. முதல் வேலை, ஸ்டெம்மை 1-ஆம் நிலைக்குக் கொண்டுவருவது. கிரவுனை நேராக உள்ளே தள்ளுங்கள். முதல் க்ளிக்கிலேயே நொடி முள் ஓடத் தொடங்கிவிடும், ஆனாலும் இரண்டு க்ளிக்கும் கடக்கும் வரை தள்ளுங்கள். ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். முழுதாகப் போகவில்லை என்றால் உள்ளே பற்கள் முனையோடு முனை மோதி நிற்கின்றன. கிரவுனை ஒரு துளி திருப்பித் தள்ளினால் போய்விடும். இதைச் செய்யாமல் 3-ஆம் நிலையிலிருந்து அப்படியே அழுத்தித் திருக ஆரம்பித்தால், வைத்த நேரம் நகர்ந்துவிடும். 2-ஆம் நிலையிலிருந்து திருகினால் தேதியோ கிழமையோ ஒன்று தாண்டிவிடும். மூடிய பின் தேதி மாறியிருப்பதாகப் பலர் சொல்வது இதனால்தான். வாட்சில் பழுது ஒன்றும் இருக்காது.

இரண்டாவது வேலை மரையைப் பிடிக்கவைப்பது. இங்கே ஸ்பிரிங் உங்களுக்கு எதிராகத் தள்ளுகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சமமான அழுத்தம் கொடுக்காவிட்டால் கிரவுன் சாய்ந்துவிடும், சாய்ந்தால் ஒரு பக்கம் முதல் மரையும் மறுபக்கம் இரண்டாவது மரையும் பிடிக்கப் பார்க்கும். உங்களுக்கு நேர்வது இதுதான். எனவே கிரவுன் முகத்தின் நடுவில் நேராக அழுத்துங்கள்; ஸ்பிரிங் அமுங்கும் அளவு போதும். அந்த அழுத்தத்தை விடாமல் கழற்றும் திசையில் மெதுவாக ஒரு சுற்று. மரை மரையின் முடிவைத் தாண்டி விழும் அந்தச் சிறு ‘டக்’ கிடைத்ததும் திசையை மாற்றி மூடுங்கள். முதல் அரைச் சுற்று வெண்ணெய் மாதிரி போக வேண்டும். போனால் மரை நேராகப் பிடித்துவிட்டது, இனி அழுத்த வேண்டாம். மீதியை மரையே இழுத்துக்கொள்ளும். அழுத்திக்கொண்டே திருகினால் மரை தேயும்.

திருகும்போது சாவியும் சேர்ந்து ஏறுவது போன்ற ஒரு சின்ன ‘கர்கர்’ விரலுக்குத் தெரியலாம். பல வாட்சுகளில் ஸ்டெம் கிரவுனோடு சேர்ந்து சுற்றுவதால் அப்படி. ஆட்டோமேட்டிக்குக்கு அது கெடுதல் செய்யாது. இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1925-ல் பெர்ரெகோ, பெர்ரே என்ற இரு சுவிஸ்காரர்கள் பதிந்த திருகு கிரவுன் காப்புரிமையை ரோலெக்ஸ் வாங்கியபோது, அதில் ஸ்டெம் கிரவுனோடு எப்போதும் சுற்றியது. கையால் சாவி கொடுக்கும் காலம் அது. சாவி முழுதாக ஏறிய பின் ஸ்டெம் அதற்கு மேல் சுற்றாது, கிரவுனையும் மூட முடியாது. திருகும்போது கிரவுனும் ஸ்டெம்மும் பிரிந்துகொள்ள ஒரு க்ளட்ச்சைச் சேர்த்த பிறகுதான் அந்த அமைப்பு நடைமுறைக்கு ஏற்றதாக ஆனது.

எங்கே நிறுத்துவது? கடைசியில் ஒரு மென்மையான, ரப்பர் தன்மையான எதிர்ப்பு வரும். அதற்குப் பிறகு கால் சுற்றுக்கும் குறைவாக நகர்ந்து நின்றுவிடும். விரல் பலத்தோடு நின்றால் போதும். குறடு, துணி சுற்றிய இடுக்கி எதுவும் வேண்டாம். கூடுதலாக இறுக்கினால் கூடுதலாகத் தடுக்கும் என்பது தவறான எண்ணம். காஸ்கெட் ஓர் அளவுக்கு அமுங்கித்தான் அடைக்கிறது. அந்த அளவைத் தாண்டி நாள்தோறும் நசுக்கினால் அது தட்டையாகி, மீண்டு எழும் குணத்தை இழந்துவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் தடுக்காது. அதே போல, கிரவுன் முகத்தில் உள்ள முத்திரை நேராக நிற்க வேண்டும் என்பதற்காக இன்னும் கொஞ்சம் இறுக்குவதோ தளர்த்துவதோ கூடாது. முத்திரை எந்தக் கோணத்தில் நின்றாலும் மூடியது மூடியதுதான்.

சரியாக மூடியிருக்கிறதா என்பதற்கு மூன்று சாட்சிகள். சுற்று எண்ணிக்கை கழற்றியபோது எண்ணியதோடு ஏறக்குறைய ஒத்துப் போக வேண்டும்; கால் சுற்று முன்பின் இருக்கலாம், ஒரு முழுச் சுற்று குறைந்தால் மரை கோணலாக இருக்கிறது. பிறகு வாட்சைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, 12 மணிப் பக்கத்திலிருந்தும் 6 மணிப் பக்கத்திலிருந்தும் கிரவுனுக்கும் கேஸுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும், மரை கண்ணில் படக் கூடாது. ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒட்டியிருந்தால் கழற்றி மறுபடி மூடுங்கள். மூன்றாவது, நின்ற விதம். காஸ்கெட்டில் நின்றது மென்மையாக நிற்கும், கடைசிச் சுற்றில் நிற்கும். கோணல் மரையில் நின்றது உலோகத்தில் உலோகம் முட்டிய மாதிரி கடினமாக, சீக்கிரமே நிற்கும்.

இத்தனையும் செய்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் எதில் தவறு என்று விரலே சொல்லிவிடும். மரை பிடித்து ஒரு சுற்றுப் போனபின் ‘சறுக்’ என்று வழுக்கி மறுபடி துள்ளினால் மரை தேய்ந்துவிட்டது. கிரவுனைச் சுற்றி மினுங்கும் தூளோ கறுப்புப் பிசுக்கோ தெரிந்தால் அது தேய்ந்த உலோகம். கிரவுன், ட்யூப் இரண்டில் ஒன்றையாவது மாற்ற வேண்டியிருக்கும். நல்ல வாட்ச் மெக்கானிக் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்வார், தேய்ந்த மரை புதிய மரையையும் சீக்கிரம் தின்றுவிடும் என்பதால். கழற்றினாலும் கிரவுன் துள்ளாமல் சோர்ந்து கிடந்தால் உள்ளே ஸ்பிரிங் களைத்துவிட்டது அல்லது பழைய கிரீஸ் கெட்டிப்பட்டுவிட்டது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நறநறவென்று திருகினால் அழுக்கு. மூடிய நிலையில் அலசி, உலர்ந்த பின் திறந்து, நூல் உதிராத உலர்ந்த துணியால் மரையைத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். திறந்திருக்கும்போது தண்ணீர் படக் கூடாது. எண்ணெயும் விட வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே இறங்கினால் இயந்திரத்துக்கும் கேடு. காஸ்கெட்டுக்குத் தேவையான சிலிக்கான் கிரீஸ் ஒரு மெல்லிய படலம்தான், அது சர்வீஸில் தடவப்படும்.

மரை தேயாமலிருக்க, தேவையில்லாமல் திறக்காமல் இருப்பதுதான் வழி. தினமும் கட்டும் ஆட்டோமேட்டிக்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டியதில்லை, கை அசைவே போதும். சாதாரணத் தேதி வட்டில் எப்போதும் 31 இருக்கும். ஆகவே பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் முடிந்த மறுநாள் தேதியைத் திருத்த ஆண்டுக்கு ஐந்து முறை திறந்தாலே போதும். நேரம் ஓரிரு நிமிடம் பிசகியிருந்தால் அதையும் அந்த நாளிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

கிரவுன் திறந்திருந்தபோது தண்ணீர் பட்டுவிட்டது, அல்லது மூடியது சரியா என்ற சந்தேகம் என்றால் ஒரு சோதனை உண்டு. நீர் தாங்கும் வாட்சுகளுக்கான தரச் சோதனைகளில் இருப்பதுதான் இது. கிரவுனை மூடி, வாட்சை 40 முதல் 45 டிகிரி சூடான ஒரு பரப்பில் பத்து, இருபது நிமிடம் வையுங்கள். கையால் தொட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது. பிறகு கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்தச் சொட்டு இருந்த இடத்தில் கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இது ஏற்கனவே புகுந்த ஈரத்தைத்தான் காட்டும். நாளை புகுமா என்பதைக் காட்டாது. அதற்குக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கும் கருவி வேண்டும். வாட்சை அழுத்தத்தில் வைத்து, கேஸ் எவ்வளவு உப்புகிறது அல்லது சுருங்குகிறது என்று அளந்து கசிவைச் சொல்லும், தண்ணீரே தேவையில்லை. நீச்சலுக்குக் கட்டுபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்துகொள்வது சரி.

பனி படர்ந்தால், தலைமுடி உலர்த்தியால் சூடாக்க வேண்டாம். ஈரம் கண்ணாடியிலிருந்து விலகி, இயந்திரத்தின் குளிர்ந்த உலோகத்தில் போய்ப் படியும், வெளியேறியிருக்காது. நல்ல தண்ணீர் என்றால் ஒன்றிரண்டு நாளுக்குள், கடல் தண்ணீர் என்றால் அன்றைக்கே, பின்மூடியைத் திறந்து பார்க்கக்கூடியவரிடம் கொடுத்துவிடுங்கள். உப்பு பட்ட எஃகு ஸ்டெம்தான் முதலில் துருப்பிடிக்கும். துரு பிடித்த ஸ்டெம் இழுக்கும்போது ஒடிந்தால் கிரவுன் கையோடு வந்துவிடும், ட்யூப் வாய் திறந்தே கிடக்கும்.

கடைசியாக ஆழத்தைப் பற்றி. கிரவுன் திருகி மூடுவது என்பதால் மட்டும் வாட்ச் ஆழம் தாங்கும் என்று ஆகிவிடாது. பின்மூடியில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 50 மீட்டர் மட்டுமே தாங்கும் திருகு கிரவுன் வாட்சும் உண்டு, திருகாத கிரவுனோடு 200 மீட்டர் தாங்கும் வாட்சும் உண்டு. எந்த எண்ணாக இருந்தாலும் அது கிரவுன் 0-ஆம் நிலையில் இருக்கும்போது மட்டுமே பொருந்தும். நீருக்குள் இருக்கும்போது கழன்றிருப்பது தெரிந்தாலும் அங்கேயே திருகிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம், மரைக்குள் இருக்கும் தண்ணீரைக் காஸ்கெட்டைத் தாண்டி நீங்களே உள்ளே தள்ளியது போலாகும். நேரே வெளியே வந்து, துடைத்து, பிறகு மூடுங்கள்.